வட்டி ஏறும் என்று நினைக்கிறீர்களா? நிலை வட்டிக்கும் மாறும் வட்டிக்கும் இடையே முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

"வட்டி இனிமேல் ஏறத்தான் போகிறது மாமா. நிலை வட்டியிலேயே வாங்கிவிடுகிறேன்" என்று என் அக்கா மகன் சொன்னபோது, வங்கி கொடுத்த இரண்டு தாள்கள் மேசைமேல் இருந்தன. 40 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டுகள். ஒரு தாளில் மாறும் வட்டி, இன்றைய கணக்கில் 8%. இன்னொன்றில் முதல் 5 ஆண்டுகளுக்கு நிலை வட்டி 9%, அதன்பின் மாறும் வட்டி.

"எவ்வளவு ஏறும்?" என்று கேட்டேன்.

"இரண்டு சதவீதமாவது ஏறும்."

"எப்போது?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. வட்டி பற்றிக் கருத்து வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள். ஏறும் என்று தெரியும், எவ்வளவு என்றும் ஓரளவு சொல்வார்கள், காலத்தைக் கேட்டால் தயங்குவார்கள். கடன் கணக்கிலோ காலம்தான் பாதி விடை. அன்று மாலை நாங்கள் இருவரும் போட்ட கணக்கையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். வட்டிகள் எங்கள் எடுத்துக்காட்டுக்கு உரியவை. உங்கள் தாளில் உள்ளவற்றை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தாளில் உள்ள 'நிலை' எத்தனை ஆண்டுகளுக்கு?

இந்தியாவில் நிலை வட்டி என்று விற்கப்படும் வீட்டுக் கடன்களில் பல, முழுக் காலத்துக்கும் நிலையானவை அல்ல. 2, 3 அல்லது 5 ஆண்டுகள் நிலையாக இருந்துவிட்டு மாறும் வட்டிக்குத் திரும்பிவிடும். 20 ஆண்டுக்கும் நிலை என்று சொல்லும் கடன்களிலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டியை மறுபரிசீலனை செய்ய வங்கிக்கு உரிமை தரும் வரி ஒன்று ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் இருக்கக்கூடும். அதைத் தேடிப் படியுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், நீங்கள் வாங்கும் பாதுகாப்பு அந்த மறுபரிசீலனை நாள்வரைதான்.

மாறும் வட்டித் தாளில் மூன்று விவரங்கள் வேண்டும். எந்த அடிப்படை வட்டியோடு இணைத்திருக்கிறார்கள்? அதன்மேல் வங்கி எவ்வளவு கூட்டுகிறது? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றி அமைக்கிறது? 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ போன்ற ஒரு வெளி அடிப்படையோடு இணைந்திருக்க வேண்டும். குறைந்தது 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி மாற்றி அமைக்கப்பட வேண்டும். எங்கள் எடுத்துக்காட்டில் ரெப்போ 5.25%, அதன்மேல் வங்கியின் கூட்டு 2.75%, ஆக 8%. ஆகவே உங்கள் கருத்து ரெப்போவைப் பற்றியதாக இருக்க வேண்டும். 'பொதுவாக வட்டி' என்று ஒன்று உங்கள் கடனில் இல்லை.

படி 2: கருத்தை அளவோடும் தேதியோடும் எழுதுங்கள்

'ஏறும்' என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. '18 மாதத்துக்குள் ரெப்போ 2% ஏறும்' என்றால் போடலாம். எழுதும்போது, ரெப்போ உண்மையில் எப்படி நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 தொடக்கத்தில் 6.5% ஆக இருந்த ரெப்போ, 2020 மே மாதத்தில் 4% ஆனது. அங்கேயே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்ட அட்டவணையில் இல்லாத ஒரு நாளில், ரிசர்வ் வங்கி அதை 4.4% ஆக்கியது. 2023 பிப்ரவரிக்குள் 6.5%. ஒன்பதே மாதங்களில் 2.5% ஏற்றம். பிறகு மீண்டும் இரண்டு ஆண்டுகள் அசையவில்லை. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி அதே ஆண்டு டிசம்பரில் 5.25% வந்தது.

இதில் இரண்டு பண்புகள் தெரிகின்றன. நீண்ட காலம் நிற்கும். நகரத் தொடங்கினால் வேகமாக நகரும். 2020 இறுதியில் 'இதற்குமேல் இறங்க இடமில்லை, ஏறத்தான் வேண்டும்' என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது நடக்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்த ஒன்றரை ஆண்டுக்கும் நிலை வட்டிக்காரர் கூடுதல் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா மகன் நோட்டில் எழுதியது இது: 'ரெப்போ 2% ஏறும். இரண்டு மூன்று ஆண்டுக்குள்.'

படி 3: இரண்டு கடனுக்கும் ஒரே தவணை வைத்து ஒப்பிடுங்கள்

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 8 சதவீதத்தில் மாதத் தவணை 33,458 ரூபாய்; 9 சதவீதத்தில் 35,989 ரூபாய். இந்த இரண்டு தவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது. கையிலிருந்து போகும் பணமும் வேறு, அசல் குறையும் வேகமும் வேறு.

நேர்மையான ஒப்பீடு இப்படி: மாறும் வட்டியை எடுத்தாலும் மாதம் 35,989 ரூபாயே கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு மேற்பட்ட 2,531 ரூபாய் அசலில் கழியும். இரண்டு கடனுக்கும் கையிலிருந்து போவது ஒரே தொகை. 5 ஆண்டு முடிவில் எந்தக் கடனில் பாக்கி குறைவோ, அதுவே லாபம்.

இதற்குக் கணக்காளர் வேண்டாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இரண்டு வரிகள் போதும்:

```
=PMT(9%/12,240,-4000000)
=FV(9%/12,60,35989,-4000000)
```

முதல் வரி தவணையைத் தரும். இரண்டாவது, 60 தவணை கட்டியபின் மீதமிருக்கும் பாக்கியைத் தரும். நிலை வட்டியில் அது 35,48,285 ரூபாய். இதுதான் நாம் அளக்கப்போகும் அளவுகோல்.

வட்டி நடுவில் மாறும் வழியைக் கணக்கிட, காலத்தைத் துண்டாக்குங்கள். உதாரணமாக 36 மாதம் 8%, பிறகு 24 மாதம் 10% என்றால், முதல் துண்டின் பாக்கியை இரண்டாவது துண்டின் தொடக்கக் கடனாகப் போடுங்கள்:

```
=FV(8%/12,36,35989,-4000000)
=FV(10%/12,24,35989,-3622114)
```

படி 4: உங்கள் கருத்தையும் அதன் எதிர்ப்பக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள்

நாங்கள் நான்கு வழிகளை ஓட்டினோம்.

முதலாவது, வட்டி அசையவே இல்லை, 5 ஆண்டும் 8%. பாக்கி ஏறத்தாழ 33.15 லட்சம். மாறும் வட்டிக்காரருக்கு 2.33 லட்சம் லாபம்.

இரண்டாவது, 2022-இல் நடந்ததுபோல உடனே ஏறுகிறது. முதல் ஆண்டு சராசரி 9%, அடுத்த நான்கு ஆண்டும் 10%. பாக்கி 37.32 லட்சம். நிலை வட்டிக்காரருக்கு 1.84 லட்சம் லாபம். அக்கா மகனின் முகம் மலர்ந்தது.

மூன்றாவது, அதே 2% ஏறுகிறது, ஆனால் மூன்று ஆண்டு கழித்து. மேலே கொடுத்த இரண்டு வரிகள் இதற்கானவையே. பாக்கி 34.69 லட்சம். மாறும் வட்டியே ஏறக்குறைய 80,000 ரூபாய் லாபம்.

இந்த மூன்றாவது வழியில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் கணித்த திசை சரி. அளவும் சரி. 'இரண்டு மூன்று ஆண்டுக்குள்' என்று அவனே எழுதிய காலத்துக்குள்தான் நடக்கிறது. இருந்தும் நிலை வட்டி வாங்கியிருந்தால் நட்டம். வட்டி ஏறாத அந்த மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 1% வீதம் முன்கூட்டியே கொடுத்துவிட்டான். ஏறிய பின் மிஞ்சிய இரண்டு ஆண்டுகளில் அதைத் திரும்பப் பெற நேரம் போதவில்லை. தொடக்கத்தில்தான் பாக்கி அதிகம் என்பதும், அப்போது மிச்சமான பணம் அசலில் கழிந்து மேலும் வட்டியை மிச்சப்படுத்தும் என்பதும் சேர்ந்துகொள்கின்றன. இன்னொன்றும் உண்டு. வட்டி 10 சதவீதத்தில் நிற்கும்போது அவனுடைய 5 ஆண்டு நிலைக் காலம் முடிந்துவிடும். எந்த ஏற்றத்துக்குப் பயந்து வாங்கினானோ, அதன் நடுவிலேயே குடை மடங்கிவிடும்.

நான்காவது, கருத்து முழுதும் தவறு. ஓராண்டு கழித்து வட்டி 7 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. பாக்கி 31.48 லட்சம். நிலை வட்டிக்காரர் 4 லட்சம் பின்தங்கிவிடுகிறார்.

இப்போது உண்மையான கேள்வியைக் கேட்கலாம். 2% ஏற்றம் ஒரே மூச்சில் வருவதாக வைத்தால், எந்த மாதத்துக்குள் வந்தால் நிலை வட்டி லாபம்? 24-ஆம் மாத முடிவில் வந்தால் நிலை வட்டிக்குச் சுமார் 15,000 ரூபாய் லாபம்; 36-இல் வந்தால் 80,000 ரூபாய் நட்டம். இடையில் தேடினால் விடை ஏறத்தாழ 26-ஆம் மாதம். ஆக, அவன் வாங்க நினைத்தது 'வட்டி ஏறும்' என்ற கருத்தை அல்ல. 'நிலை வட்டிக்கும் மாறும் வட்டிக்கும் இன்றுள்ள இடைவெளியைப்போல இரண்டு மடங்கு வட்டி, 26 மாதத்துக்குள் ஏறி, பிறகு இறங்காமல் நிற்கும்' என்ற கருத்தை. ஏற்றம் கால் கால் சதவீதமாகப் படிப்படியாக வந்தால், அது இன்னும் முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும்.

உங்கள் தாளில் இடைவெளி அரை சதவீதம்தான் என்றால் விடை வேறாக வரும். அப்போது சிறிய, தாமதமான ஏற்றமும் நிலை வட்டியை லாபமாக்கும். இடைவெளி ஒன்றரை, இரண்டு என்றால் மிகப் பெரிய ஏற்றம் உடனடியாக வேண்டும்.

படி 5: உங்களுக்குத் தெரிந்தது வங்கிக்கும் தெரியும்

நிலை வட்டி ஏன் 9%? அடுத்த 5 ஆண்டில் தன் நிதிச் செலவு எங்கே போகும் என்று வங்கி ஒரு கணிப்பு வைத்திருக்கிறது. அதோடு, அந்தக் கணிப்பு பொய்த்தால் வரும் நட்டத்துக்கு ஒரு கூலியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பணவீக்கம் கூடுகிறது என்று செய்தித்தாளில் படித்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தால், அதே செய்தி அந்த 9 சதவீதத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகவோ, எல்லோரையும்விட முன்னதாகவோ ஏறும் என்று நம்ப உங்களிடம் காரணம் இருந்தால்தான் உங்கள் கருத்துக்கு விலை உண்டு.

சந்தை என்ன நினைக்கிறது என்பதை ஓரளவு பார்க்கவும் முடியும். 5 ஆண்டு அரசுக் கடன் பத்திரம் ஆண்டுக்குத் தரும் வருமான வீதமான ஈட்டு விகிதத்தை ரெப்போவோடு ஒப்பிடுங்கள். நீண்ட காலத்துக்குப் பணத்தை முடக்குவதால் பத்திரம் சற்று மேலே நிற்பது வழக்கம்தான். வழக்கத்தைவிட மிகவும் மேலே நின்றால், ஏற்றத்தைச் சந்தை எதிர்பார்க்கிறது. அதன் விலை உங்கள் நிலை வட்டியில் ஏறிவிட்டது.

இதே காரணத்தால்தான், 'இப்போது மாறும் வட்டியில் இருந்துவிட்டு, ஏறத் தொடங்கியதும் நிலை வட்டிக்குப் போய்விடலாம்' என்ற திட்டம் கைகொடுப்பதில்லை. ஏற்றம் தொடங்கும் நாளில் நிலை வட்டியின் விலையும் கூடியிருக்கும். பத்திரச் சந்தை ரெப்போவுக்கு முன்பாகவே நகர்ந்துவிடும். மாறுவதற்கான வசதியும் உறுதியில்லை. வட்டியை மாற்றி அமைக்கும்போது நிலை வட்டிக்குப் போகும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. 2025 அக்டோபர் முதல் அதை வங்கியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. உங்கள் வங்கி தருகிறதா, என்ன கட்டணம், எத்தனை முறை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 6: கருத்து பொய்த்தால் வீடு தாங்குமா?

இதுவரை பார்த்தது லாப நட்டம். இது வேறு கேள்வி, இதுவே முதலில் வர வேண்டியதும் என்பேன். மாறும் வட்டி எடுத்து, வட்டி 10 சதவீதத்துக்குப் போனால் தவணை 38,600 ரூபாய் வரை போகும். 11 சதவீதத்தில் 41,300 ரூபாய் அளவில். சம்பளத்திலிருந்து அதைக் கட்ட முடியாது என்றால் உங்கள் வட்டிக் கருத்துக்கு இங்கே வேலையே இல்லை. நிலை வட்டியை எடுங்கள், அல்லது கடனைக் குறையுங்கள். அந்தக் கூடுதல் 1% அப்போது காப்பீட்டுக்கான தொகை.

'தவணையை ஏற்ற மாட்டார்கள், காலத்தைத்தான் நீட்டிப்பார்கள்' என்று சமாதானம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 40 லட்சத்தை 20 ஆண்டுக்கு 6.75 சதவீதத்தில் வாங்கியவரின் தவணை 30,414 ரூபாய். ஓராண்டு கட்டியபின் பாக்கி 39.02 லட்சம். அப்போது வட்டி 2.5% ஏறி 9.25 ஆனால், ஒரு மாத வட்டி மட்டும் 30,078 ரூபாய். பழைய தவணையே தொடர்ந்தால் அந்த மாதம் அசலில் கழிவது 336 ரூபாய். வட்டி இன்னும் ஒரு கால் சதவீதம் ஏறினால் தவணை வட்டிக்கே போதாது. பாக்கி வளரத் தொடங்கும். அந்த நிலை வராதபடி வங்கி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்றும் 2023 விதி சொல்கிறது. வட்டி ஏறியதும் வங்கியின் குறுஞ்செய்திக்குக் காத்திராமல், தவணையை ஏற்றச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுங்கள்.

படி 7: வெளியேறும் வழியின் விலை

தனிநபர் வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டியே அடைக்க வங்கி கட்டணம் வாங்கக்கூடாது. நிலை வட்டியில் அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. கட்டணம் எவ்வளவு, சொந்தப் பணத்தில் அடைத்தாலும் உண்டா, வேறு வங்கிக்கு மாற்றினால் மட்டுமா என்று கேளுங்கள். 2% என்று வைத்தால், எங்கள் எடுத்துக்காட்டில் இரண்டு ஆண்டு கழித்துப் பாக்கி 38.43 லட்சம், வெளியேற 76,860 ரூபாய். கருத்து தவறு என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்திக்கொள்ள ஆகும் செலவு இது. மாறும் வட்டிக்காரரின் தவறு இந்த வகையில் மலிவானது. இரண்டு பக்கமும் சமமாகத் தோன்றும்போது என் தராசு மாறும் வட்டிப் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம்.

வட்டி இறங்கும் என்று நினைப்பவருக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை, மாறும் வட்டிதான். ஆனால் அவர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2019-க்கு முந்தைய பழைய கடன்கள் வங்கியின் சொந்த அடிப்படை வட்டியோடு இணைந்திருக்கலாம். அவற்றில் இறக்கம் தாமதமாகத்தான் வந்து சேரும். அத்தகைய கடனை ரெப்போவோடு இணைத்த கடனாக மாற்றிக் கேட்காவிட்டால், கருத்து பலித்தும் பணம் கைக்கு வராது.

கணக்கு முடிந்ததும் நோட்டில் எழுதியிருந்ததை அவனிடமே காட்டினேன். "இரண்டு மூன்று ஆண்டு என்று எழுதியிருக்கிறாய். 26 மாதத்துக்குள் என்று உறுதியாகச் சொல்வாயா?" கொஞ்ச நேரம் யோசித்தான். "சொல்ல மாட்டேன் மாமா." வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள், 41,300 ரூபாய் தவணை வந்தாலும் தாங்கும். மாறும் வட்டியையே எடுத்தான்.

ஒரு நிபந்தனையோடுதான் நான் சம்மதித்தேன். மாதம் 35,989 ரூபாய் கட்ட வேண்டும், 33,458 அல்ல. மேலே கணக்கிட்ட லாபமெல்லாம் அந்த 2,531 ரூபாய் அசலில் கழிந்தால் வருவது. செலவுக்குப் போய்விட்டால் அப்படி ஒரு லாபம் இல்லை. அசலில்தான் கழிக்க வேண்டும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, முதல் மாதக் கணக்கு அறிக்கையில் பாக்கி அந்த அளவுக்குக் கூடுதலாகக் குறைந்திருக்கிறதா என்று பார்த்தான். ரெப்போ மாறும் ஒவ்வொரு முறையும் மூன்று மாதத்துக்குள் தன் கடனிலும் அந்த மாற்றம் வந்திருக்கிறதா என்று இப்போது சரிபார்த்து, அந்த நோட்டிலேயே தேதி போட்டுக் குறித்துவைக்கிறான்.